எட்டு மில்லிமீட்டர் எங்கே போனது?

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மாடி வீடு. மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும் தூரம். புட்டிங் வேலை முடிந்து பில்லர் எழும்ப வேண்டிய நேரத்தில் நான் போயிருந்தேன். கம்பி கட்டுகிறவர்கள் ரிங்குகளை வளைத்து ஓரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். பழக்கதோஷத்தில் ஒன்றை எடுத்து டேப்பை வைத்தேன். வெளி அளவு 226க்கு 376 மில்லிமீட்டர். பில்லர் 300க்கு 450. கவர் 45 மி.மீ. என்று என் வரைபடத்தில் நானே எழுதியிருந்தேன். அந்தக் கணக்குப்படி ரிங் 210க்கு 360 இருக்க வேண்டும்.

“என்ன மேஸ்திரி, ரிங் பெருசா இருக்கே?” என்றேன்.

“கவர் நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கீங்க சார். கம்பிக்கு நாப்பத்தஞ்சு விட்டாச்சு. ரிங்கு அதுக்கு வெளியில எட்டு எம்.எம். வரத்தானே செய்யும்?”

முப்பது வருடமாகக் கம்பி கட்டுகிறவர். அவர் சொன்னதில் ஏமாற்று இல்லை, சோம்பலும் இல்லை. நான் ‘கவர் 45’ என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். எதிலிருந்து எதுவரை என்று எழுதவில்லை. பிழை குவியலில் இல்லை, என் தாளில் இருந்தது.

வீடு கட்டியவர்கள் அந்தத் தாளைப் பார்த்திருப்பார்கள். பில்லர், பீம், தளம் ஆகியவற்றின் கம்பி விவரத்தைக் காட்டும் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தின் வலது ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பத்தி ஓடும். அதற்கு ஜெனரல் நோட்ஸ் என்று பெயர். இருபது, இருபத்தைந்து வரிகள் இருக்கும். பெரும்பாலான அலுவலகங்களில் அது போன வேலையிலிருந்து அப்படியே ஒட்டப்படுவது. போன வேலைக்கு அதற்கு முந்தைய வேலையிலிருந்து வந்தது. படத்தை எல்லோரும் பார்ப்பார்கள், அந்தப் பத்தியைப் படிக்கிறவர் குறைவு. ஆனால் எந்த வலுவில் கான்கிரீட் போடுவது, கம்பியை எவ்வளவு உள்ளே வைப்பது, ஒரு கம்பி முடிந்த இடத்தில் அடுத்த கம்பியை எவ்வளவு நீளத்துக்குச் சேர்த்துக் கட்டுவது என்ற மூன்றையும் படம் சொல்வதில்லை, அந்தப் பத்திதான் சொல்கிறது.

கவர் கதையிலிருந்தே தொடங்கலாம். கவர் என்பது கம்பியைப் போர்த்தியிருக்கும் கான்கிரீட்டின் கனம். இந்தியாவில் கான்கிரீட் வேலைக்கு அடிப்படை விதிநூல் ஐ.எஸ். 456. அதன் 1978ஆம் ஆண்டுப் பதிப்பு பில்லருக்கும் பீமுக்கும் கவரை முக்கியக் கம்பியிலிருந்து அளக்கச் சொன்னது. 2000இல் வந்த பதிப்பு அதை மாற்றியது: ரிங் உட்பட எல்லாக் கம்பிக்கும் வெளியே இருக்கும் கனம்தான் கவர். எது வெளியே துருத்திக்கொண்டு இருக்கிறதோ அங்கிருந்து அளக்க வேண்டும். விதி மாறிக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. தொழிலோ விதிநூலைப் படித்து வருவதில்லை, குருவிடமிருந்து வருகிறது. எங்கள் மேஸ்திரிக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் 1978 பதிப்பின் காலத்து ஆள். ஆகவே ‘கவர் 45’ என்பது எனக்கு ஒன்றாகவும் அவருக்கு வேறொன்றாகவும் இருந்தது. இடையில் போனது ரிங் கம்பியின் கனமான 8 மி.மீ.

அந்த எட்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறது. அந்த உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே இறங்கும். கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கத் தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் உள்ளிருந்து தள்ளிக் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். பழைய கடலோரக் கட்டடங்களில் பில்லர் மூலைகள் நெடுக்காகக் கீறி, பாளம் பாளமாகப் பெயர்ந்து, உள்ளே செம்பழுப்புக் கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு இறங்கும் நேரம் ஏறக்குறைய ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கவர் பாதியானால் காலம் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. 45க்குப் பதில் 37 என்றால், 37ஐ 45ஆல் வகுத்து வர்க்கப்படுத்திப் பாருங்கள்: 0.68 வருகிறது. உப்பு கம்பியைத் தொட எடுக்கும் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு ரிங் வளைக்கும் இடத்திலேயே போய்விடுகிறது.

பிறகு மேஸ்திரி இன்னொன்றும் சொன்னார்: “மேல பூச்சு வருமே சார், அரை இஞ்சு?” இதையும் பல தளங்களில் கேட்டிருக்கிறேன். பூச்சு கவரில் சேராது. பூச்சுக் கலவை கான்கிரீட்டைவிட அதிகம் உறிஞ்சக் கூடியது. பத்து வருடத்தில் ஓர் இடத்தில் உப்பி விழுந்தாலும் விழும். இதையும் என் தாள் சொல்லவில்லை.

இப்போது நான் எழுதுகிற வரி இப்படி இருக்கும்: ‘கவர் என்பது பலகையின் உள்முகத்திலிருந்து, அதற்கு மிக அருகில் உள்ள கம்பியின் வெளிமுகம் வரை. பில்லரிலும் பீமிலும் அது ரிங் கம்பி. பூச்சு சேராது.’ அதன் கீழே, இதைவிட முக்கியமான இன்னொரு வரி: ‘300 × 450 பில்லருக்கு ரிங்கின் வெளி அளவு 210 × 360.’ கவருக்கு விளக்கம் சொல்வதைவிட ரிங்கின் அளவைச் சொல்வது உறுதியானது. ஏனென்றால் கம்பி வளைக்கிறவர் கவரை வளைப்பதில்லை, ரிங்கைத்தான் வளைக்கிறார். அவர் கையில் எடுக்கும் அளவு எதுவோ அந்த அளவைத் தாள் கொடுத்துவிட்டால், நடுவில் கழித்தல் கணக்கு போட வேண்டிய வேலை அவருக்கு இல்லை. கணக்கு இல்லாத இடத்தில் கணக்குப் பிழையும் இல்லை. பார்க்கப் போகிறவருக்கும் சுலபம். கம்பியைக் கட்டி நிறுத்திய பிறகு கவரை அளப்பது வம்பு. தரையில் கிடக்கும் ரிங்கில் டேப்பை வைப்பது ஒரு நிமிடம்.

45 என்ற எண் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சூழல் எவ்வளவு கடுமையானது என்பதை வைத்து ஐ.எஸ். 456 ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. உள்நாட்டில், மழை படாத இடத்தில் இருக்கும் சாதாரண நிலைக்குக் கவர் 20 மி.மீ. கடலோரத்தில் இருந்தாலும் உப்புக் காற்று நேரே படாமல் மறைவாக இருந்தால் 30. கடலோரச் சூழலுக்கு நேராகத் திறந்திருந்தால் 45. பில்லர் என்றால் எந்த நிலையிலும் பொதுவாக 40க்குக் குறையக் கூடாது, புட்டிங்குக்கு 50. ஆக, திண்டிவனத்தில் ஒரு வீட்டுக்கு எழுதிய நோட்ஸை எடுத்து நீலாங்கரை வீட்டுக்கு ஒட்டினால் அது தப்பான நோட்ஸ், ஒவ்வொரு வரியும் இலக்கணப்படி சரியாக இருந்தாலும்.

‘குறைந்தபட்சக் கவர் 45’ என்று எழுதுவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. குறைந்தபட்சம் என்றால் கூடுதலாக இருக்கலாம் என்றுதானே பொருள்? கூடினால் நல்லதுதானே? வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனித் தளத்தை எடுத்துக்கொள்வோம். கனம் 150 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பால்கனி கீழே வளையப் பார்க்கும், ஆகவே மேல்பக்கம்தான் இழுபடும். முக்கியக் கம்பியும் மேலேதான் இருக்கும். மேலே 45 கவர், அதற்குக் கீழே 10 மி.மீ. கம்பி. தளத்தின் அடியிலிருந்து கம்பியின் நடுவரை 100 மி.மீ. கிடைக்கிறது. இந்த நூறுதான் பால்கனியின் பலம். கான்கிரீட் போடும் நாளில் சட்டி தூக்குகிறவர்கள் அந்தக் கம்பிமேல் நடக்கிறார்கள். அடியில் சேர் வைத்துத் தாங்கவில்லையென்றால் கம்பி 30 மி.மீ. கீழே போய்விடும். கவர் 75 ஆகிவிட்டது, ‘குறைந்தபட்சம் 45’ என்ற வரிக்கு எந்தப் பங்கமும் இல்லை. ஆனால் நூறு எழுபதாகிவிட்டது. பால்கனி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிட்டது, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விதிநூல் இதற்கு இடம் வைத்துத்தான் எழுதியிருக்கிறது: சொன்ன கவரைவிடக் குறையவே கூடாது, கூடினாலும் 10 மி.மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. அதையே தாளிலும் எழுதிவிட வேண்டும்: ‘கவர் 45. 44 ஆகாது, 56ம் ஆகாது.’ என் நண்பர்கள் சிலர் இதைப் படித்துச் சிரித்தார்கள். இது வரைபட மொழி இல்லையாம். இருக்கட்டும்.

அடுத்தது கான்கிரீட்டின் வலு. எம்-20, எம்-25, எம்-30 என்று சொல்வதில் உள்ள எண் ஒரு சோதனையின் விடை. 150 மி.மீ. பக்கம் கொண்ட கனசதுரமாகக் கான்கிரீட்டை வார்த்து, 28 நாள் தண்ணீரில் வைத்து, எந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். எம்-30 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன். அந்தக் கட்டியின் முகம் முழுவதற்கும் சேர்த்துச் சொன்னால் சுமார் 69 டன் எடையைத் தாங்க வேண்டும். நூறு சோதனைகளில் ஐந்துக்கு மேல் அதற்குக் கீழே போகக் கூடாது என்பது அதன் வரையறை. அதனால் எம்-30 கேட்டால் கலவையை 30க்கு அமைக்க மாட்டார்கள், சராசரி 38 அளவுக்கு வரும்படி அமைப்பார்கள்.

தாளில் இது எப்படி எழுதப்படுகிறது? ஊரெங்கும் நான் பார்க்கும் வரி: ‘கான்கிரீட் எம்-25 (1:1:2).’ இந்த ஒரு வரியில் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல. எம்-25 என்பது கிடைக்க வேண்டிய விளைவு. 1:1:2 என்பது ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு மணல், இரண்டு பங்கு ஜல்லி என்ற செய்முறை. கலவை அந்தப் பங்கில் போட்டும் சோதனையில் 20தான் வந்தது என்றால் யார் பொறுப்பு? ‘நீங்க சொன்ன பங்குதான் போட்டேன்’ என்பார் ஒப்பந்தக்காரர். அவர் சொல்வது சரி. ஈர மணல் உப்பி அதிக இடத்தை அடைக்கும். சட்டிக் கணக்கில் அளந்தால் ஒரு நாள் இருப்பதுபோல் மறுநாள் இருக்காது. ஐ.எஸ். 456 இப்படிப் பங்கு வைத்துக் கலப்பதை எம்-20 வரைதான் அனுமதிக்கிறது. அதற்கு மேல் போனால், அந்த இடத்து மணல், ஜல்லி, சிமென்ட் ஆகியவற்றைச் சோதித்துக் கிலோக் கணக்கில் கலவையை வடிவமைக்க வேண்டும். ஆகவே எம்-30 என்று எழுதினால் அடைப்புக்குள் பங்கு எழுதக் கூடாது. ‘சட்டி, பாக்ஸ் கணக்கில் அளப்பது கூடாது, எடைக் கணக்கில் மட்டும்’ என்றே எழுதிவிடலாம்.

எம்-30 என்று மட்டும் எழுதினாலும் வேலை முடியவில்லை. கடலோர நிலைக்கு விதிநூல் கேட்பது மூன்று: வலு எம்-30, கன மீட்டருக்குச் சிமென்ட் 320 கிலோவுக்குக் குறையாமல், தண்ணீருக்கும் சிமென்டுக்கும் உள்ள எடை விகிதம் 0.45க்கு மிகாமல். ரெடிமிக்ஸ் நிறுவனத்துக்குப் போன் போட்டு எம்-30 கேட்டால் எம்-30 வரும். தண்ணீர் சற்று கூடுதலாக வைத்தும் நல்ல சிமென்டில் 30 எட்டிவிடலாம். 28 நாள் சோதனையில் தேறும். ஆனால் கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளை. உப்புக்கு அது கதவு. வலுச் சோதனை அந்தக் கதவைப் பார்ப்பதில்லை.

இந்த 0.45 என்ற எண்ணைத் தாளில் எழுதி எந்த மிக்ஸர் ஓட்டுகிறவரிடமாவது காட்டிப் பாருங்கள். அவர் கையில் இருப்பது வாளியும் சிமென்ட் மூட்டையும். மூட்டை 50 கிலோ. 0.45 என்றால் மூட்டைக்கு 22½ லிட்டர் தண்ணீர். கலவை கெட்டியாக இருக்கிறது, பீமுக்குள் இறங்கவில்லை என்று அரை வாளி, அதாவது ஐந்து லிட்டர், கூடுதலாக ஊற்றினால் 27½ லிட்டர். விகிதம் 0.55 ஆகிவிட்டது. 0.55 என்பது உள்நாட்டு வீட்டுக்கு, எம்-20க்கு விதிநூல் தரும் எல்லை. அரை வாளித் தண்ணீரில் வீடு கடற்கரையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டது, உப்புக் காற்றை மட்டும் இங்கேயே விட்டுவிட்டு. எனவே வரி இப்படி: ‘ஒரு மூட்டைக்குத் தண்ணீர் 22½ லிட்டருக்கு மேல் கூடாது, மணலிலும் ஜல்லியிலும் உள்ள ஈரமும் இதில் சேரும். கலவை இறங்கவில்லையென்றால் தண்ணீர் ஊற்றாதீர்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.’ கெட்டியாக இருக்கும் கலவையை இளக்க வேதிக்கலவை இருக்கிறது, ஆனால் எவ்வளவு என்பதை அங்கே முடிவு செய்யக் கூடாது.

சோதனைக் கட்டிகளின் எண்ணிக்கையையும் எழுதிவிட வேண்டும். ‘விதிப்படி எடுக்கவும்’ என்றால் ஒருவரும் எடுப்பதில்லை. ஒரு தளத்துக்குப் பீமும் சேர்த்து 20 கன மீட்டர் கான்கிரீட் போகிறது என்றால் விதிப்படி மூன்று மாதிரிகள். ஒரு மாதிரிக்கு மூன்று கட்டி. ‘ஒரு ரூஃபுக்கு ஒன்பது கட்டி’ என்று எழுதினால் ஒன்பது அச்சுப் பெட்டி அன்று காலையில் வந்து நிற்கும்.

மூன்றாவது லேப். இதில்தான் அதிகம் குழப்பம், எனக்கும்தான். கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. அதற்குமேல் தேவைப்பட்டால் இரண்டு கம்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டுகிறோம். கட்டுக்கம்பி அவற்றைச் சும்மா இடத்தில் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். விசை முதல் கம்பியிலிருந்து சுற்றியுள்ள கான்கிரீட்டுக்குப் போய், அங்கிருந்து இரண்டாம் கம்பிக்குப் போகிறது. எனவே லேப்பின் நீளம் கம்பியை மட்டும் பொறுத்ததல்ல. கான்கிரீட் எவ்வளவு கெட்டியாகக் கம்பியைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது.

இப்போது எண்களைப் பாருங்கள். எஃப்இ 500 கம்பிக்கு, இழுவிசையில், ஐ.எஸ். 456 கணக்குப்படி லேப் நீளம் எம்-20 கான்கிரீட்டில் கம்பி விட்டத்தைப் போல் 57 மடங்கு. எம்-25இல் 49 மடங்கு. எம்-30இல் 46 மடங்கு. பழைய எஃப்இ 415 கம்பிக்கு எம்-25இல் 41 மடங்கு போதும். இன்னமும் பல மேஸ்திரிகள் வாயில் இருக்கும் ‘நாப்பது டி’ அந்தக் காலத்துக் கம்பிக்கு ஒட்டிய கணக்கு. கடையில் கம்பி மாறிவிட்டது, கணக்கு மாறவில்லை. ‘அம்பது டி’ என்று எழுதித் தள்ளும் தாள்களும் உண்டு. எம்-25க்கு அது தாங்கும், எம்-20 கான்கிரீட்டில் தாங்காது. அதாவது மேலே சொன்ன அரை வாளித் தண்ணீர் லேப்பையும் குட்டையாக்கிவிடுகிறது. எம்-30க்கு 16 மி.மீ. கம்பியை 740 மி.மீ. சேர்த்துக் கட்டியாயிற்று. கான்கிரீட் எம்-20ஆக வந்துவிட்டால் அங்கே 912 தேவை. கட்டி முடித்த பிறகு அந்த 172 மில்லிமீட்டரை யாராலும் கொடுக்க முடியாது. அதனால்தான் லேப் அட்டவணையின் தலைப்பிலேயே ‘எம்-30, எஃப்இ 500க்கு மட்டும்’ என்று போடுகிறேன். கடையில் 500 இல்லை, 550தான் இருக்கிறது, அது இன்னும் நல்ல கம்பி என்று வாங்கி வந்தால் எம்-30இல் 50 மடங்கு வேண்டும். நல்ல கம்பிக்கு நீளமான பிடி.

‘டி’ என்ற எழுத்தும் ஒரு கண்ணி. லேப் 50 டி என்று எழுதினால் அங்கே டி என்பது கம்பியின் விட்டம். அதே தாளில் நான்கு வரி தள்ளி, ‘பில்லர் முகத்திலிருந்து 2 டி தூரத்துக்குள் பீம் கம்பியில் லேப் கூடாது’ என்று இருக்கும். நிலநடுக்கத்துக்கான விதிநூலான ஐ.எஸ். 13920இலிருந்து எடுத்த வரி அது. அங்கே டி என்பது பீமின் பயன்படும் ஆழம். 450 மி.மீ. பீமில் அது சுமார் 400. இரு மடங்கு 800 மி.மீ. ஆனால் முதல் வரியைப் படித்த கையோடு இரண்டாவதைப் படிப்பவர் 16 மி.மீ. கம்பிக்கு இரண்டு டி என்றால் 32 மி.மீ. என்றுதான் எடுத்துக்கொள்வார். மிகச் சரியாகத் தடை செய்யப்பட்ட இடத்தில் லேப் போய் உட்காரும். தாளைப் பின்பற்றித்தான் போட்டேன் என்பார், அதுவும் உண்மை. ஒரு தாளில் ஓர் எழுத்துக்கு ஒரு பொருள்தான் இருக்கலாம். அதைவிட, எழுத்தே வேண்டாம். 8க்கு 370, 10க்கு 460, 12க்கு 560, 16க்கு 740, 20க்கு 920 என்று மில்லிமீட்டரில் நீளத்தையே எழுதிவிட்டால் பெருக்கலும் இல்லை, டியும் இல்லை. 20ஐயும் 16ஐயும் சேர்க்கும்போது சிறிய கம்பியின் நீளமே போதும் என்று ஒரு வரி.

எங்கே லேப் வரலாம் என்பதில் நானே மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு, அதே வீட்டில். 2002இல் திருத்தப்பட்ட நிலநடுக்க வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றியது. ஆகவே பில்லர் லேப்புகள் மாடி உயரத்தின் நடுப்பாதியில்தான் வர வேண்டும், தரை மட்டத்தில் வரக் கூடாது. ஓர் இடத்தில் பாதிக் கம்பிகளுக்கு மேல் லேப் கூடாது. மாற்றி மாற்றிப் போடும்போது இரண்டு லேப்புகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே லேப் நீளத்தைப் போல் 1.3 மடங்கு இடைவெளி வேண்டும். மூன்று விதிகளையும் மூன்று வரிகளாக அழகாக எழுதியிருந்தேன்.

மேஸ்திரி பில்லர் பக்கத்தில் நின்று டேப்பை நீட்டினார். தரையிலிருந்து பீம் அடிவரை 2,700 மி.மீ. நடுப்பாதி 1,350. லேப் 740. அடுத்த லேப்பின் நடுப்புள்ளி 962 மேலே. இரண்டும் முடிய 1,702 மி.மீ. வேண்டும். “எடம் பத்தலையே சார்” என்றார். பத்தவில்லைதான். 12 மி.மீ. கம்பி என்றால் 560ம் 728ம் சேர்ந்து 1,288, எப்படியோ அடங்கிவிடும்; 16க்கு அடங்காது. ஒவ்வொரு வரியும் விதிநூலில் இருப்பதுதான், மூன்றும் சேர்ந்தால் அந்தப் பில்லரில் நிற்க இடமில்லை. இப்படி நடக்க முடியாத குறிப்பை எழுதினால் ஒப்பந்தக்காரர் தனக்கு வசதியான வரியை மட்டும் எடுத்துக்கொள்வார். வசதியானது எது என்று சொல்ல வேண்டியதில்லை: தரை மட்டத்தில், எட்டுக் கம்பிக்கும் ஒரே இடத்தில்.

தீர்வு கம்பியின் நீளத்திலேயே இருந்தது. புட்டிங் அடியிலிருந்து மேல் தளம்வரை அந்த வீட்டில் மொத்தம் 9 மீட்டர்தான். கம்பி 12 மீட்டர். எட்டுக் கம்பியையும் அடியிலிருந்து உச்சிவரை ஒரே நீளமாக விட்டால் லேப்பே வேண்டாம். நீளக் கம்பியைச் சாரம் கட்டித் தாங்க வேண்டும், காற்றில் ஆடும், மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் நான்கு கம்பிகளை முழு நீளமாக விட்டு, மீதி நான்குக்கு மட்டும் தரைத்தளத்தின் நடுவில் லேப் போட்டோம். அதைப் படமாக வரைந்து நோட்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டினேன்: ஒரு பில்லர், தரையிலிருந்து 675 மி.மீ. உயரத்தில் ஒரு கோடு, 2,025இல் இன்னொரு கோடு, நடுவில் ‘லேப் இங்கே மட்டும், 4 கம்பிக்கு மட்டும்’. மூன்று வரிகளின் வேலையை அந்தப் படம் செய்தது.

இன்னும் இரண்டு வரிகளை என் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். ஒன்று, ‘மற்றவை ஐ.எஸ். 456படி’. அந்த நூல் ஏறத்தாழ நூறு பக்கம். சுற்றுச்சூழல் எந்த நிலை, கம்பி எந்த ரகம் என்று தீர்மானிக்க வேண்டியவன் நான். அந்த வேலையை மேஸ்திரி தலையில் கட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளும் வரி அது. இரண்டாவது, ‘வேறுவிதமாகக் குறிப்பிடாவிட்டால்’ என்று எல்லா வரிக்கும் முன்னால் வரும் சொற்றொடர். வேறுவிதமாக எங்கே குறிப்பிட்டிருக்கிறது என்று ஒன்பது தாளையும் யார் தேடுவது? அதற்குப் பதில்: ‘இந்தப் பத்தியும் படமும் முரண்பட்டால் கம்பி வெட்டாதீர்கள், கேளுங்கள்.’ மொழி விஷயமும் உண்டு. முழுத் தாளும் ஆங்கிலத்தில் இருந்தாலும் இந்த மூன்று விஷயங்களைத் தமிழிலும் அச்சிடுகிறேன். படிக்க வேண்டியவர் யாரோ அவர் மொழியில்.

அந்த வீட்டில் வளைத்த ரிங்குகள் அத்தனையையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக 210க்கு 360இல் வளைத்தோம். செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன், தாள் என்னுடையது என்பதால். கவர் பிளாக்குகளை 45 என்ற எண் பதித்தே வார்க்கச் சொன்னேன், ரிங்கில் மீட்டருக்கு ஒன்று கட்டினார்கள். உடைந்த ஜல்லியைச் செருகுவது நின்றது.

வீடு கட்டப் போகிறவர்கள் உங்கள் வரைபடத்தின் வலது ஓரத்தை ஒரு முறை பாருங்கள். பில்லர் ரிங்கின் வெளி அளவு, மூட்டைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், ஒவ்வொரு கம்பிக்கும் லேப் எத்தனை மில்லிமீட்டர் என்ற மூன்றும் எண்ணாக அங்கே இல்லையென்றால், முதல் கம்பியை வெட்டுவதற்கு முன்பே உங்கள் பொறியாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.